உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் இப்போது எந்தக் கணினிக்குப் போகிறது?

வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வைத்திருப்பவர்கள் பினாங்கில் நான் போகும் வீடுகளில் நிறைய பேர். கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தும் பையன்கள் இருக்கிறார்கள். போட்ட அன்று வேலை செய்யும், மாதக்கணக்கில் ஓடும். திடீரென்று ஒருநாள் நின்றுவிட்டால் எல்லாரும் முதலில் திட்டுவது இணைய நிறுவனத்தைத்தான். பெரும்பாலும் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

குளுகோரில் ஓர் அக்கா கணக்கு வேலை பார்க்கிறார். பகலில் புக்கிட் மெர்தாஜாமில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டு டெஸ்க்டாப்பை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறப்பார். தீபாவளி விடுமுறை முடிந்த வாரத்தில் கூப்பிட்டார். "தம்பி, பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது. நான் மாத்தவே இல்லையே!"

பாஸ்வேர்ட் வரை போகிறது என்றால் லைன் நன்றாக இருக்கிறது, ரவுட்டரில் போட்ட ஃபார்வர்டிங் விதியும் வேலை செய்கிறது. திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ரிமோட் டெஸ்க்டாப் இணையும்போது ஒரு சான்றிதழ் எச்சரிக்கை வரும்; படிக்காமலேயே Yes அழுத்திவிட்டுப் போவோம். அதில் எதிர்முனைக் கணினியின் பெயர் எழுதியிருக்கும். அக்காவின் கணினிப் பெயர் DESKTOP என்று தொடங்கும். படத்தில் இருந்ததோ LAPTOP என்று தொடங்கும் வேறு ஒரு பெயர். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த மகளின் லேப்டாப் அது. ஏதோ பாடவேலைக்காக அதிலும் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கி வைத்திருந்திருக்கிறாள். ஆக, மகளின் லேப்டாப்பில் தன் பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருந்தார் அக்கா. அதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம், ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் வழியாக வெளியுலகம் முழுவதும் அந்த லேப்டாப்பின் கதவைத் தட்ட முடிந்தது. அவளுக்கோ அது தெரியவே தெரியாது.

இது எப்படி நடந்தது? போர்ட் ஃபார்வர்டிங் விதிக்கு உங்கள் கணினியைத் தெரியாது. ஒரு முகவரியைத்தான் தெரியும். இங்கே அது 192.168.0.112. அந்த முகவரியைக் கணினிக்கு ரவுட்டர் சொந்தமாகக் கொடுத்துவிடுவதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறது. அக்கா வீட்டு ரவுட்டரில் தவணை 24 மணி நேரம். கணினி ஓடிக்கொண்டிருந்தால் பாதித் தவணை கழிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அதே முகவரி தொடரும். டெஸ்க்டாப்பை அணைக்காமலே வைத்திருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் எதுவும் மாறாததற்கு இதுதான் காரணம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். தவணை முடிந்தது. அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட மகளின் லேப்டாப் முகவரி கேட்டது; காலியாகக் கிடந்த 112 அதற்குப் போனது. பிறகு டெஸ்க்டாப்பைப் போட்டதும், வழக்கம்போல் பழைய முகவரியையே கேட்டது. ரவுட்டர் மறுத்து வேறொன்றைக் கொடுத்தது. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதற்கு வழி, அந்த முகவரியை ரவுட்டரிலேயே உங்கள் கணினிக்கென்று ஒதுக்கிவிடுவது. முதலில் கணினியின் மேக் முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் இணைப்புக்குரிய அடையாள எண், வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig /all
```

வருகிற நீளமான பட்டியலில், Default Gateway என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரி நிரம்பியிருக்கும் பகுதியைத் தேடுங்கள். உண்மையில் பயன்பாட்டில் இருக்கும் இணைப்பு அதுதான். அதிலுள்ள Physical Address வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே கணினியில் கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு ஒரு மேக். வைஃபையின் மேக்கை எழுதிவிட்டுக் கேபிளில் ஓட்டினால் ஒதுக்கீடு இருந்தும் இல்லாத கணக்குத்தான். யுஎஸ்பி லேன் அடாப்டர் மாட்டினால் அதற்கும் தனி மேக். வைஃபையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், விண்டோஸ் அமைப்புகளில் Random hardware addresses அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இயங்கினால் மேக் மாறக்கூடும். எனக்குக் கேட்டால், வெளியிலிருந்து நுழைய வேண்டிய கணினிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுவதே நல்லது.

அடுத்து ரவுட்டர் பக்கம். Address Reservation, Static DHCP, IP Binding என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் DHCP அமைப்புகளுக்கு அருகில்தான் இருக்கும். விண்டோஸ் மேக்கை இடைக்கோடு போட்டுக் காட்டும், சில ரவுட்டர்கள் முக்காற்புள்ளி கேட்கும்; மாற்றி அடியுங்கள். அக்கா வீட்டில் ரவுட்டர் 100 முதல் 199 வரை முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் பிடிக்காத 150ஐ டெஸ்க்டாப்புக்கு ஒதுக்கினேன். பழைய 112ஐயே ஒதுக்கியிருந்தால், லேப்டாப் அதை விடும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். சேமித்ததும் டெஸ்க்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் 150 வந்துவிடும். வராவிட்டால் ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு ஃபார்வர்டிங் விதியைத் திறந்து 112ஐ 150 ஆக மாற்ற வேண்டும். ஒதுக்கீட்டைப் போட்டுவிட்டு இதை மறந்தால் விதி லேப்டாப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.

கடைகளில் சிலர் ரவுட்டர் பக்கமே போகாமல், கணினியிலேயே முகவரியைக் கையால் எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண் ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் வரிசைக்குள் இருந்தால், அதே எண்ணை ஒருநாள் வேறு கருவிக்கும் ரவுட்டர் கொடுத்துவிடலாம். இரண்டும் மாறி மாறித் துண்டிக்கும். இடி விழுந்து ரவுட்டர் போய், புதிதாக வருவது 192.168.1 வரிசையில் இருந்தால் அந்தக் கணினிக்கு இணையமே வராது. ஒதுக்கீடு என்றால் கணினியில் எதையும் தொட வேண்டாம். ஆனால் புது ரவுட்டரில் ஒதுக்கீடும் விதியும் இரண்டுமே இருக்காது, மறுபடி போட வேண்டும். அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3389ஐ வெளியே திறந்து வைப்பதே எனக்குப் பிடிக்காத காரியம். கடவுச்சொல்லைத் தானியங்கியாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். அக்காவின் ரவுட்டரிலேயே விபிஎன் வசதி இருந்ததால் பிறகு அதற்கு மாற்றி, விதியை எடுத்துவிட்டோம். 150 மட்டும் அப்படியே இருக்கிறது. விபிஎன்னில் நுழைந்த பிறகும் எந்த முகவரிக்குப் போவது என்று கணினிக்குச் சொல்லியாக வேண்டுமே.

விதியை வைத்துக்கொள்கிறவர்கள் சோதித்துப் பார்க்கும்போது வீட்டு வைஃபையை நம்பாதீர்கள். உள்ளிருந்து தன் வெளி முகவரியைக் கூப்பிட்டால் சில ரவுட்டர்கள் பதிலே தராது. கைப்பேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயலுங்கள். ஒதுக்கீடு சரியாக இருந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை என்றால் ரவுட்டரின் WAN முகவரியை, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நிறுவனம் உங்களைப் பலரோடு ஒரே பொது முகவரியில் வைத்திருக்கிறது; 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டிலும் வீட்டுக்குள் எத்தனை ஒதுக்கீடு போட்டாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வந்து சேராது. முதலாவதற்கு நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்க வேண்டும். இரண்டாவதில் மேலே இருக்கும் பெட்டி உங்கள் வீட்டிலேயே இருந்தால் அதிலும் ஒரு விதி போட வேண்டும், அதில் உங்கள் ரவுட்டருக்கும் ஒரு முகவரி ஒதுக்க வேண்டும்.