செட்டில்மென்ட்: பைல் சோதனை அறிக்கையில் ‘இறக்கம்’

மதுரையில் ‘செட்டில்மென்ட்’ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பத்திரப்பதிவு அலுவலகம்தான். தகப்பனார் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரத்துக்கு அதுவே வழக்குப் பெயர். கட்டடத்தின் பாரத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக வார்க்கும் கான்கிரீட் தூண்தான் பைல். அதன் சுமைச் சோதனை அறிக்கையில் வரும் செட்டில்மென்ட் வேறு. சுமை ஏற்றியபோது பைலின் தலை எத்தனை மில்லிமீட்டர் கீழே போனது என்பதே அங்கு அதன் பொருள். ‘இருக்கை’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லே இதன் வேர் என்பதால், ‘அமர்வு’ என்று தமிழாக்குவது வேர்ப்பொருளுக்கு ஒத்துவரும். ஆனால் நீதிபதிகளும் கருத்தரங்கினரும் அச்சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘அமிழ்வு’ என்பது நீரில் முழுகுவதையே நினைவூட்டுகிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் கட்டிய வீட்டைப் பார்த்து, “மூலை இறங்கிருச்சு” என்றுதான் கொத்தனார் சொல்வார். எனவே ‘இறக்கம்’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து. அதோடு, மொத்த இறக்கம், மீட்சி, நிகர இறக்கம் என்ற மூன்றையும் அதைக் கொண்டே தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. அறிக்கையைப் படிப்பவருக்கு இந்தப் பிரிவுதான் முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சிதைந்த பாறை வரை 12 மீட்டர் ஆழம் துளையிட்டு வார்த்த, 600 மி.மீ. விட்டமுள்ள பைல் ஒன்றின் வடிவமைப்புச் சுமை 80 டன். கட்டடத்தில் பயன்படப்போகும் பைல் என்பதால், இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2911, பகுதி 4-இன்படி இதற்கு வழக்கமுறைச் சோதனை போதும். அதாவது ஒன்றரை மடங்காகிய 120 டன் வரை படிப்படியாக ஏற்றி, இறுதிச் சுமையை 24 மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். இந்த விட்டத்துக்கு ஏற்பு வரம்பு 12 மி.மீ.

அறிக்கையில் 80 டன்னில் 2.1 மி.மீ., 96 டன்னில் 3.0 மி.மீ., 112 டன்னில் 5.9 மி.மீ., 120 டன்னில் 7.4 மி.மீ., 24 மணி நேரம் கழித்து 8.6 மி.மீ. என்று இருக்கிறது. சுமையை முழுவதும் இறக்கிய பின் 6.9 மி.மீ. எஞ்சுகிறது. 8.6 என்பது மொத்த இறக்கம், எஞ்சிய 6.9 நிகர இறக்கம், இடைப்பட்ட 1.7 மீட்சி. வரம்போடு ஒப்பிட வேண்டியது மொத்த இறக்கத்தை. அது 12-க்குள் இருப்பதால் பைல் தேறிவிட்டது. பெரும்பாலான அறிக்கைகள் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும்.

ஆனால் எண்கள் அதற்கு மேலும் பேசுகின்றன. 120 டன்னும் அடிவரை அப்படியே சென்றாலும், எம்25 கான்கிரீட்டால் ஆன இந்தப் பைல் தன் உடலில் ஏறக்குறைய 2 மி.மீ. மட்டுமே சுருங்கும், அந்தச் சுருக்கம் சுமை நீங்கியதும் மீண்டுவிடும். அப்படியானால் மீளாமல் எஞ்சிய 6.9 மி.மீ. பைலின் சுருக்கம் அன்று. பைல் மண்ணுக்குள் உண்மையாகவே நகர்ந்த தொலைவு. 96 டன் வரை மெல்ல இறங்கிய பைல் அடுத்த 16 டன்னில் 2.9 மி.மீ. இறங்கியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பக்க உராய்வு தாங்கும் அளவைத் தாண்டியதும் சுமை அடிக்குப் போயிருக்கிறது என்றும், அங்கே பாறைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அள்ளப்படாத சகதி கிடந்திருக்கக்கூடும் என்றும் ஐயுற இடமுண்டு. தேறிய பைல்தான், ஆனாலும் கான்கிரீட் இடுமுன் துளையைக் கழுவிய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் மற்ற பைல்களை ஏற்கக் கூடாது. ஐயம் நீங்காவிட்டால், ஒரு பைலின் நடுவே அடிப்பாறை வரை துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்துவிடலாம்.

இந்த 8.6 என்பதே, பைல் தலையின் நகர்வை அளக்கும் நான்கு டயல் கேஜ்களின் சராசரி. தனித்தனி அளவுகள் 8.1, 8.9, 8.0, 9.4 என்று நெருங்கியிருந்தால் சராசரியை நம்பலாம். எதிரெதிர் கேஜ்களில் ஒன்று 3, மற்றொன்று 14 என்று காட்டினாலும் சராசரி ஏறத்தாழ அதுவே வரும். அங்கே சுமை ஏற்றும் ஜாக் மையம் விலகி, பைலின் தலை சாய்ந்திருக்கிறது. அறிக்கையில் சராசரியை மட்டும் தந்திருந்தால் மூல அளவுத் தாளைக் கேட்பது முறை.

டயல் கேஜ் காட்டுவது, அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒப்பிட்ட இறக்கமே. மதுரைச் சித்திரை வெயில் அந்தச் சட்டத்தை வளைக்கப் போதுமானது என்பதால், தார்ப்பாய் நிழல் இல்லாமல் எடுத்த 24 மணி நேர அளவுகளை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். சுமை மாறாதிருக்கையில் நண்பகலில் பைல் மேலெழுந்ததாகவும் இரவில் மறுபடி இறங்கியதாகவும் தாள் காட்டினால், அசைந்தது சட்டமே. ஜாக்கின் அழுத்தமானி அளவுகளையும் அதே நேரங்களுக்குக் குறித்திருக்க வேண்டும். பைல் இறங்கும்போது ஜாக்கின் அழுத்தம் தானே குறையும் என்பதால், மீண்டும் ஏற்றாமல் விட்டிருந்தால் இறக்கம் நின்றுவிட்டதுபோல் தாள் காட்டும்.