நாலாம் காட்சியில் கிடந்த பழுது

கோண்டாவில் நண்பர் ஒருவர் குறுநாவலொன்றை எழுதிக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 19 காட்சிகள். "வாசிச்சுப் பாருங்கோ அண்ணை, எங்கேயோ இழுபடுது. எங்கேயெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். வாசித்தேன். முதல் நாலு காட்சியும் நெஞ்சைப் பிடித்தன. ஐந்தாவதில் நல்லூர்த் திருவிழா வந்தது. அதோடு கதை தன் வீட்டை மறந்துவிட்டது.

கதை இதுதான். சிவபாக்கியம் ஒரு கைம்பெண். கணவரின் தம்பி கதிரேசுவுக்கும் அவளுக்கும் ஒரு பங்குக் கிணறு. பாதி நாள் அவள் முறை, பாதி நாள் அவர் முறை. ஒருநாள் அவள் முறையில் அவர் தன் மிஷினைப் பூட்டி இறைக்கிறார் (1). அவள் போய்க் கேட்கிறாள், வாய்த்தர்க்கம் (2). விதானையாரிடம் போகிறாள் (3). நாலாம் காட்சியில் கதிரேசு இறங்கி வருகிறார்: "சரி மச்சாள், இனி உங்கடை முறையிலை நான் கை வைக்கமாட்டன்."

5 முதல் 15 வரையிலான பதினொரு காட்சிகளில் கிணறே இல்லை. திருவிழாவில் கனடாவிலிருந்து வந்த பள்ளித்தோழியைச் சந்திக்கிறாள், தோழி தன் ரொறன்ரோ வாழ்க்கையைச் சொல்கிறாள். மகளுக்குச் சாதகம் பார்க்கிறார்கள், தரகர் வருகிறார், மகள் தையல் வகுப்புக்குப் போகிறாள். கட்டாரிலிருந்து மகன் தொலைபேசி எடுக்கிறான், அவனுடைய அறைத்தோழர்களைப் பற்றி ஒரு காட்சி. பக்கத்து வீட்டு ஆடு, டவுனுக்கு ஒரு பஸ் பயணம், மழை, மறுபடியும் தரகர். 16இல் கதிரேசு திடீரென்று மறுபடி தண்ணீரை மறிக்கிறார். 17இல் வெங்காயம் வாடுகிறது, 18இல் அவள் மிஷின் வயரை அறுக்கிறாள், 19இல் இருவரும் கிணற்றுக்கட்டில் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு காட்சியும் தனியே நன்றாகத்தான் இருந்தது. தரகர் வெற்றிலை மடிக்கும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். காட்சி மோசமாக இருந்தால் யாரும் வெட்டிவிடுவார்கள். நல்ல காட்சிகளால் கெடுகிற கதையைத் திருத்துவதுதான் கடினம்.

வாசகரின் மனம் கதையை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று டாம் ட்ரபாசோ என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரும் பால் வான் டென் ப்ருக்கும் 1985இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: ஒரு நிகழ்வு கதையின் மற்ற நிகழ்வுகளோடு எத்தனை காரணக் கயிறுகளால் கட்டப்பட்டிருக்கிறதோ, அத்தனைக்கு அது நினைவில் நிற்கிறது. கதையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகும் காரணச் சங்கிலியில் அது இருந்தால் இன்னும் நன்றாக நிற்கிறது. சுருக்கிச் சொல்லக் கேட்டால் வாசகர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், எது முக்கியம் என்று கேட்டாலும் அதைத்தான் காட்டுகிறார்கள். சங்கிலிக்கு வெளியே தொங்குவது உதிர்ந்துவிடுகிறது.

கயிறு இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் பயன்படுத்திய சோதனை எளிமையானது. 'இந்தக் கதையின் சூழ்நிலையில், முதலாவது நடந்திராவிட்டால் இரண்டாவது நடந்திருக்குமா?' நடந்திருக்காது என்றால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் அம்புக்குறி. நடந்தே இருக்கும் என்றால் அம்பு இல்லை.

நண்பரும் நானும் ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் 19 வட்டங்களைப் போட்டோம். அவர் முதலாவது காட்சியிலிருந்து தொடங்கப் பார்த்தார். அப்படிச் செய்தால் கண் ஏமாந்துவிடும். சாதகம் பார்த்ததால்தான் தரகர் வந்தார், ஆக 7இலிருந்து 8க்கு அம்பு உண்டு. தோழியைக் கண்டதால்தான் ரொறன்ரோக் கதை, 5இலிருந்து 6க்கு அம்பு உண்டு. எழுதுகிறவருக்கு எல்லாம் தொடர்பாகத்தான் தெரியும். கிளைக்குள்ளே ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்துதானே பிறக்கிறது. அந்தக் கிளை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதல்லவா கேள்வி?

அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். 19க்கு எது காரணம்? 18. அதற்கு? 17. அதற்கு? 16. கதிரேசு ஏன் மறுபடி மறித்தார்? நண்பர் கொஞ்சநேரம் யோசித்தார். "அவற்றை குணம் அப்பிடித்தானே." 5 முதல் 15 வரை எதுவும் அவரைத் தொடவேயில்லை. பேனை 16இலிருந்து ஒரே பாய்ச்சலில் நாலுக்குப் போயிற்று. 19 வட்டங்களில் எட்டுக்குத்தான் கடைசிக்குப் போகும் வழி இருந்தது.

சரி, பதினொன்றையும் வெட்டிவிடலாமா? வெட்டினால் மிஞ்சுவது எட்டுக் காட்சிச் சண்டை. அதோடு காட்சிகள் ஏன் பெருகின என்பதற்கு விடையும் கிடைக்காது. அடுத்த கதையிலும் அவர் இதையேதான் செய்வார்.

விடைக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோகிறது, ட்ரபாசோ 1993இல் சூ என்ற ஆய்வாளரோடு சேர்ந்து செய்த ஒரு பரிசோதனை. பெட்டி என்ற சிறுமிக்கு அம்மாவின் பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க ஆசை. கடைக்குப் போகிறாள். கதையின் ஒரு வடிவத்தில் அழகான கைப்பை ஒன்றை வாங்கிவிடுகிறாள். இன்னொரு வடிவத்தில் எல்லாம் விலை கூட, எதையும் வாங்க முடியவில்லை. பிறகு இரண்டு வடிவத்திலும் அவள் ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்குகிறாள். வெறுங்கையோடு திரும்பிய பெட்டியைப் பற்றி வாசித்தவர்கள், ஊசியை அவள் கையில் எடுத்ததுமே 'ஓ, இது அம்மாவுக்கு' என்று எண்ணிக்கொண்டார்கள். முதல் ஆசை அவர்கள் மனதில் இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. கைப்பை வாங்கியதாக வாசித்தவர்களுக்கு ஸ்வெட்டர் வெறும் ஸ்வெட்டர்தான். நிறைவேறிய ஆசையை மனம் மூடி ஒரு பக்கம் வைத்துவிடுகிறது.

இப்போது நாலாம் காட்சிக்குத் திரும்புங்கள். "இனி நான் கை வைக்கமாட்டன்" என்று கதிரேசு சொன்னதுமே சிவபாக்கியம் கைப்பையை வாங்கிவிட்டாள். வாசகர் கிணற்றை மூடிவைத்துவிட்டார். என் ஊகம், எழுதியவரும் அப்போதுதான் மூடிவைத்தார். தள்ளிக்கொண்டு போக எதுவும் இல்லாதபோது பேனை கிட்டக் கிடப்பதை எடுக்கும்: ஆவணி மாதம், நல்லூர், தேர். அங்கே ஒரு தோழி வந்தால் அவளுக்கென்று ஒரு கதை வேண்டும். தரகர் வந்தால் அவருக்கொரு குணம் வேண்டும். புதிய ஆள் ஒவ்வொருவரும் ஒரு புதிய ஆசையோடு வருகிறார், ஒவ்வொரு ஆசையும் இரண்டு காட்சி கேட்கிறது. ஐந்திலிருந்து பதினைந்து வரையான காட்சிகளின் முதல் வரிகளைப் பார்த்தேன். ஏழு 'ஒருநாள்' என்று தொடங்கின. இழுபடும் கதையைக் கண்டுபிடிக்க இதைவிட விரைவான அடையாளம் எனக்குத் தெரியாது.

கிளைக்கதை என்றாலே குற்றம் என்று நினைக்கவேண்டாம். நம் கோயில்களில் கந்தபுராணப் படிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போய்வருவார். யாரும் எழும்பிப் போவதில்லை. ஏனென்றால் சூரபன்மன் இன்னும் சாகவில்லை.

ஆகவே பழுதை ஐந்தாம் காட்சியில் தேடுவது வீண். கதை விலகத் தொடங்கிய இடத்துக்கு ஒரு காட்சி முன்னால் பாருங்கள். அங்கே யாரோ ஒருவருக்குத் தேவையானது கிடைத்திருக்கும். நண்பரிடம் நாலாம் காட்சியை மாற்றச் சொன்னேன். மூன்று நாளில் இப்படி எழுதிக்கொண்டு வந்தார்:

"இந்தப் போகம் இறையுங்கோ மச்சாள். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அடுத்த போகத்துக்கு முன்னம் உங்கடை பங்கை எனக்கு எழுதித் தரவேணும்."

தண்ணீர் கிடைத்துவிட்டது, ஆனால் கிணறு போகப்போகிறது. ஒரு போகம் என்ற தவணை வேறு. இனி அவள் தேருக்குப் போனாலும் வாசகர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

அடுத்த வேலை, பதினொரு காட்சிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து 'இது கிணற்றை எப்படி மாற்றலாம்?' என்று கேட்பது. சாதகக் காட்சியில் விடை தயாராகவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் காணி கேட்கிறார்கள், தண்ணீர் இல்லாத தோட்டக்காணியை யார் கேட்பார்கள்? "கிணத்துப் பங்கோடை எண்டா யோசிப்பம்" என்ற ஒரு வரியைத் தரகர் வாயில் வைத்ததும், அதுவரை சிரிப்புக்கு வந்த மனிதர் கதையின் கழுத்தைப் பிடித்துவிட்டார். சாதகமும் இரண்டு தரகர் காட்சிகளும் ஒன்றாயின.

தோழிக்கு இன்னும் நல்ல வழி கிடைத்தது. ஊரில் காணி வாங்க ஆசைப்படும் அவள், சிவபாக்கியத்தின் காணியைப் பங்கோடு வாங்கக் கேட்கிறாள். ஆனால் தேசவழமைச் சட்டப்படி, பங்குக்காணியை வெளியாருக்கு விற்க முன்னம் பங்குக்காரருக்கு அறிவிக்கவேண்டும், முதலில் வாங்கும் உரிமை அவருக்குத்தான். ஆக அறிவித்தல் கதிரேசு கைக்குப் போகும், அவர் வெகுளுவார். 16இல் அவர் ஏன் தண்ணீரை மறித்தார் என்பதற்கு இப்போது அவருடைய குணம் தேவையில்லை. அறிவித்தல் கிடைக்கும் இடத்தை மட்டும் புதிதாக எழுதினார். திருவிழாவும் ரொறன்ரோவும் ஒரே காட்சியில் அடங்கின. மகனின் தொலைபேசி அழைப்பு, பணம் அனுப்ப முடியாது என்ற ஒரு செய்திக்காக நின்றது. அறைத்தோழர்கள், தையல், பஸ் போயின. 19 காட்சிகள் 13 ஆயின.

மழைக் காட்சிக்கு அம்பு எதுவும் கிடைக்கவில்லை. அதை அப்படியே இருக்கட்டும் என்றேன். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில வரிகளே கொண்ட கதைகளில் செய்யப்பட்டவை. நீண்ட கதையில் வாசகர் மூச்சுவிடவும் ஓர் இடம் வேண்டும். அம்பில்லாத காட்சி ஒன்று இருந்தால் அது ஓய்வு, பதினொன்று இருந்தால் விலகல்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் நண்பர் அதை வாசகர் காதில் ஓதத் தொடங்கினார்: "தோழியின் விருப்பமே கிணற்றுப் பிரச்சினையை மேலும் சிக்கலாக்கியது." 1984இல் ஜனிஸ் கீனனும் சக ஆய்வாளர்களும் வாக்கியச் சோடிகளை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. 'மறுநாள் பையனின் உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்தது' என்பது அவற்றில் ஒரு தொகுதியின் எல்லாச் சோடியிலும் இரண்டாம் வாக்கியம். முன்னால் 'அண்ணன் அவனை மாறி மாறிக் குத்தினான்' என்று வந்தால் வாசிப்பது மிக விரைவு. 'அயல்வீட்டுக்கு விளையாடப் போனான்' என்று வந்தால் மிகத் தாமதம். ஆனால் பிறகு நினைவில் நன்றாக நின்றவை இந்த இரண்டு முனைகளுமல்ல, நடுவில் உள்ளவை: சைக்கிளிலிருந்து விழுந்தான், அம்மாவுக்கு அவன்மேல் கடும் கோபம் வந்தது என்பன போன்றவை. இடைவெளியைத் தாங்களே நிரப்பவேண்டியிருந்ததால் அது மனதில் பதிந்தது என்பதே தரப்படும் விளக்கம். ஓதிய வரியை அடித்துவிட்டு, தோழி கிணற்றுக்கட்டில் கை வைத்து எட்டிப் பார்ப்பதோடு காட்சியை நிறுத்தினோம்.

ஆட்டை வெட்டத்தான் நண்பருக்கு மனம் வரவில்லை. "அண்ணை, அந்த ஆடு உண்மையான ஆடு. எங்கடை வீட்டிலை நிண்டது" என்றார். 13 வட்டங்களையும் காட்டி, இதில் எந்த இடத்தில் கட்டுவது என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தார். சிவபாக்கியம் அறிவித்தல் விஷயமாக நொத்தாரிசு வீட்டில் காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆடு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வெங்காயப் பாத்தியில் பாதியைத் தின்றுவிட்டதாம். மிச்சப் பாதிக்குத்தான் தண்ணீர் இல்லை.