விற்பனைக் கணக்கே இல்லாத புதுப் பொருளுக்கு முதல் ஆர்டர் எவ்வளவு?

புதுப் பொருள் ஒன்றுக்கு முதல் ஆர்டர் போடும் நேரத்தில் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "இது எத்தனை விற்கும்?" என்பதுதான். யாராவது ஓர் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் அதில் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்வார், அந்த எண்ணே ஆர்டராகப் போய்விடும். சரக்குத் திட்டமிடலில் பல ஆண்டுகளாக இருக்கும் நான் இந்தத் தவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். எத்தனை விற்கும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் விற்பனை எந்த எல்லைகளுக்குள் அமையும், கூடுதலாக வாங்கினால் எவ்வளவு இழப்பு, குறைவாக வாங்கினால் எவ்வளவு இழப்பு என்ற மூன்றையும் சொல்ல முடியும், முதல் ஆர்டரை அவற்றிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். 40 கடைகளுக்குச் சிறுவர் மழைக்கோட்டு வாங்க வேண்டும். முதுகில் மாட்டியிருக்கும் பள்ளிப் பையையும் சேர்த்து மூடும் புது வடிவம் அது. விற்பனைக் காலம் 10 வாரம். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வந்து சேர 9 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் விற்பனையைப் பார்த்துவிட்டு மறு ஆர்டர் போட்டால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் சரக்கு வரும் என்பதால், இங்கே முதல் ஆர்டரே கடைசி ஆர்டரும் ஆகிறது.

புதுப் பொருளுக்கு வரலாறு இல்லாவிட்டாலும், அதே கடைகளில் அதே காலத்தில் விற்ற பழைய மழைக்கோட்டுகளுக்கு உண்டு. ஆனால் அந்த எண்களை அப்படியே எடுப்பது ஆபத்து. ஒரு பழைய மாடல் 10 வாரத்தில் 860 விற்றதாகக் கணக்கு காட்டியது. 40 கடை, 10 வாரம் என்றால் மொத்தம் 400 கடை-வாரங்கள், ஒரு கடை-வாரத்துக்கு 2.15 கோட்டு. இருப்புப் பதிவை வாரவாரியாகப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: பல கடைகளில் நான்காம் வாரத்துக்குப் பிறகு விற்பனை மட்டுமல்ல, இருப்பும் பூஜ்யம். சரக்கு இருந்த கடை-வாரங்கள் 320 மட்டுமே. அந்த 320-இல் 860 விற்றது என்றால் கடை-வாரத்துக்கு ஏறக்குறைய 2.7, முழுக் காலத்துக்கும் சரக்கு இருந்திருந்தால் சுமார் 1,075 விற்றிருக்கும். வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை விற்பனைக் கணக்கு காட்டாது. அதனால் பழைய பொருளோடு ஒப்பிடும்போதெல்லாம் விற்பனைப் பதிவுக்குப் பக்கத்தில் இருப்புப் பதிவையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எல்லைகள். கடைகளை அறிந்த ஐந்து பேரிடம், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், மிகக் குறைந்த விற்பனை, நடுத்தரம், மிக அதிகம் என்று மூன்று எண்களை எழுதி வாங்கினோம். கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டிருந்தால் முதலில் பேசியவரின் எண்ணைச் சுற்றியே எல்லோரும் நின்றிருப்பார்கள். வந்த எல்லை 850 முதல் 1,400 வரை. மனிதர்கள் தரும் எல்லை எப்போதுமே உண்மையைவிடக் குறுகலாக இருக்கும் என்பது என் அனுபவம். இதே ஐவர் முன்பு கணித்த பத்துப் புதுப் பொருள்களை எடுத்துப் பார்த்தோம், ஐந்துதான் அவர்கள் சொன்ன எல்லைக்குள் விழுந்திருந்தன. ஆகவே எல்லையை இரு பக்கமும் விரித்து, சமவாய்ப்புள்ள பத்து நிலைகளாக எழுதினோம்: 600, 750, 850, 950, 1,050, 1,150, 1,250, 1,400, 1,550, 1,800. இவற்றின் சராசரி 1,135.

சராசரியையே ஆர்டராகப் போடுவதுதான் வழக்கமான பிழை. ஒரு கோட்டின் வாங்கும் விலை 100, விற்கும் விலை 150, மழைக்காலம் முடிந்து மிஞ்சுவதைக் கழித்து விற்றால் கிடைப்பது 70 என்று கொள்வோம். ஒரு கோட்டு பற்றாமல் போனால் 50 லாபம் போகிறது, ஒரு கோட்டு மிஞ்சினால் 30 நட்டம். இப்போது 1,150-இலிருந்து 1,250-க்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கூடுதல் கோட்டுகள் விற்க வேண்டுமானால் விற்பனை 1,250 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு. எதிர்பார்க்கும் லாபம் 50-இல் பத்தில் நான்கு பங்கு, அதாவது 20. எதிர்பார்க்கும் நட்டம் 30-இல் பத்தில் ஆறு பங்கு, அதாவது 18. போகலாம். 1,250-க்கு மேல் 1,400-க்குப் போனால் லாபம் 15, நட்டம் 21. அங்கே நிறுத்த வேண்டும். ஆர்டர் 1,250, சராசரியைவிடக் கூடுதல்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். மிஞ்சியதைக் கழித்து விற்க ஆள் இல்லை, கோட்டுக்கு 20-தான் கிடைக்கும் என்றால் நட்டம் 80 ஆகிறது. அதே பத்து நிலைகளில் அதே கணக்கைப் போட்டால் ஆர்டர் 950-இல் நின்றுவிடுகிறது. வாங்குபவர்களைப் பற்றிய கணிப்பு துளியும் மாறவில்லை, ஆர்டர் மட்டும் 300 குறைந்துவிட்டது. ஆகவே மிஞ்சும் சரக்கு எங்கே போகும், யார் எடுத்துக்கொள்வார், என்ன விலைக்கு என்பதை ஆர்டர் போடும் முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். அடுத்த ஆண்டும் அதே மாடலை விற்க முடியும் என்றால் மிஞ்சியதன் நட்டம் கிடங்குச் செலவும் முடங்கிய பணத்தின் வட்டியும் மட்டுமே. அப்போது தாராளமாகவே வாங்கலாம்.

உற்பத்தியாளர் 1,500-க்குக் குறைந்து தைக்க மாட்டேன் என்றார். இதற்கும் அதே கணக்கு பதில் சொல்கிறது. 1,250-க்கு மேல் வரும் முதல் 150 கோட்டில் ஒவ்வொன்றுக்கும் நட்டம் 21-இல் லாபம் 15 போக 6, அடுத்த 100-இல் ஒவ்வொன்றுக்கும் நட்டம் 24-இல் லாபம் 10 போக 14 என்று, மொத்தம் 2,300 இழப்பை எதிர்பார்க்க வேண்டும். அதை 1,500 கோட்டுக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றரை. விலையில் 2 குறைத்தால் 1,500 எடுத்துக்கொள்கிறோம், குறைக்காவிட்டால் 1,250-தான் என்று தெளிவாகப் பேச முடிந்தது. அவர் விலையைக் குறைக்கவில்லை, பிற வாடிக்கையாளரின் தையலோடு சேர்த்து 1,250-ஐத் தைத்துத் தர ஒப்புக்கொண்டார்.

அளவுவாரிப் பங்கீட்டில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. எந்த அளவு எத்தனை என்பது வாங்க வரும் குழந்தைகளின் வயதைப் பொறுத்தது, கோட்டின் வடிவத்தைப் பொறுத்ததன்று. பழைய மாடலின் விகிதத்தையே எடுத்தோம், இருப்புத் தீர்ந்த வாரங்களை மட்டும் விலக்கிவிட்டு.

சரக்கு வந்ததும் 1,250-ஐயும் கடைகளுக்கு அனுப்பிவிடாதீர்கள். கடைக்கு 18 வீதம் 720 அனுப்பி, 530-ஐக் கிடங்கில் வைத்துக்கொண்டோம். எந்தக் கடையில் ஓடும் என்பது மொத்தம் எத்தனை ஓடும் என்பதைவிடக் கணிக்கக் கடினமானது. கடைகளில் பரவிவிட்ட சரக்கைத் திரும்ப எடுக்க ஆகும் செலவு பெரும்பாலும் லாபத்தைத் தின்றுவிடும். கடைக்குப் போன 720-ஐ விற்பனையாக எண்ணுவதும் கூடாது, அது அலமாரியை நிரப்பிய சரக்குதான்.

முதல் இரண்டு வாரம் பலத்த மழை. புது மாடல் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடியது. விற்பனைப் பிரிவினர் கிடங்கில் இருப்பதையெல்லாம் உடனே அனுப்பச் சொன்னார்கள். அதே கடைகளில் அதே வாரங்களில் பழைய மாடலைப் பார்த்தோம், அதுவும் ஏறக்குறைய அதே வேகத்தில் கூடியிருந்தது. கூட்டியது மழை, புது வடிவம் அன்று. எனவே கடைக்குக் கடை, அளவுக்கு அளவு, அந்த வாரம் விற்றதை மட்டும் வாரந்தோறும் நிரப்பி அனுப்பினோம். எந்தக் கடையில் எந்த அளவு எந்த நாளில் தீர்ந்தது என்று அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு இந்த மாடலை இன்னொரு புது மாடலோடு ஒப்பிடுபவருக்கு விற்பனைக் கணக்கைவிட அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.