காரணீயம்: கலைத்த சீட்டுக்கட்டு ஏன் புதியது?

ஓர் எண்ணிலிருந்து ஒன்றுவரை இறங்கிவரும் எண்களையெல்லாம் பெருக்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஃபாக்டோரியல் எனப்படும் கணிதச் சொல்லின் வேர், 'செய்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையில் இருக்கிறது. 1800-இல் பிரெஞ்சுக் கணிதர் அர்போகாஸ்ட் இச்சொல்லைப் பயன்படுத்தினார். எண்ணுக்குப் பின் வியப்புக்குறி இடும் n! என்ற எழுத்துமுறையை 1808-இல் கிறிஸ்டியன் கிராம்ப் கொண்டுவந்தார். தமிழில் காரணீயம், காரணீயப் பெருக்கம் என்பவை வழங்குகின்றன. 'காரணி'யும் 'செய்' என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்தே வந்தது என்பதால், இரண்டு சொற்களும் ஒரே கருத்தில் பிறந்தவை. ஆயினும், நடக்கும் செயலை நேரே சொல்லும் 'தொடர் பெருக்கம்' என்பதே கற்பவருக்கு எளிது என்பது என் எண்ணம்.

நான்கு சீட்டுகளை வரிசையாக வைக்கும்போது முதலிடத்தில் நான்கில் எதையும் வைக்கலாம். அடுத்த இடத்துக்கு மூன்றும், அதற்கடுத்ததற்கு இரண்டும், கடைசிக்கு ஒன்றுமே எஞ்சும். ஆகவே 4! = 4 × 3 × 2 × 1 = 24 வரிசைகள். இஸ்பேட் சீட்டுகள் 13-ஐ மட்டும் எடுத்தாலே 13! என்பது 622 கோடியைத் தாண்டிவிடுகிறது. முழுக்கட்டுக்குரிய 52! என்பது 68 இலக்க எண். ஏறத்தாழ 8-க்குப் பின் 67 சுழிகள்.

உலகின் 800 கோடி மக்களும் பேரண்டம் தோன்றிய 1,380 கோடி ஆண்டுகளாக நொடிக்கு ஒரு முறை கட்டைக் கலைத்து வந்ததாகக் கொள்வோம். கிடைக்கும் வரிசைகளின் எண்ணிக்கை 28 இலக்கங்களையே எட்டும். உங்கள் கையில் உள்ள வரிசை அவற்றுள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு சுழியை ஒட்டியது என்பது மட்டுமன்று. அத்தனை கலைப்புகளிலும் ஏதேனும் இரண்டு ஒன்றுபோல் அமையும் வாய்ப்பும் பத்து லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு கூட்டத்தில் யாரேனும் இருவரின் பிறந்தநாள் ஒத்துப்போகும் கணக்கில் இணைகளின் எண்ணிக்கை நம்மை ஏமாற்றும் என்பதை அறிந்தவர்கள் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆனால் இக்கணக்கு, எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பு தரும்படி நன்றாகக் கலைத்த கட்டுக்கே பொருந்தும். புதுக்கட்டைப் பிரித்து, பாதியாக வெட்டி, இரு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஒரே ஒரு முறை சரித்துக் கலைத்துவிட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். மேற்பாதியில் வரிசையாக இருந்த இஸ்பேட் சீட்டுகளுக்கு இடையே வேறு சீட்டுகள் நுழைந்திருக்கும். ஆனால் ஏஸுக்குப் பின் 2, அதன்பின் 3 என்ற முன்பின் வரிசை கெட்டிருக்காது. ஒரு பாதியின் உள்வரிசையை இந்த முறை மாற்றுவதில்லை என்பதே காரணம். ஒரு முறை கலைத்தால் எட்டக்கூடிய வரிசைகள் 2^52-க்கும் குறைவு, அதாவது சுமார் 45 கோடி கோடி, 52!-க்கு முன் அது ஒன்றுமே இல்லை. இவ்வகைக் கலைப்பை ஆராய்ந்த டேவ் பேயரும் பெர்சி டயக்கோனிஸும் 1992-இல், 52 சீட்டுகளுக்கு ஏறத்தாழ ஏழு முறை தேவை என்று காட்டினார்கள்.