மேட்சிங்: உங்கள் பங்களிப்புக்கு ஓர் இணை

ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டங்களின் விளக்கத்தாளில் ‘மேட்சிங் கான்ட்ரிபியூஷன்’ என்ற தொடர் அடிக்கடி வரும். ஊழியர் தன் சம்பளத்திலிருந்து ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்கில் போடுகிறார். அதைப் பார்த்து நிறுவனமும் தன் பணத்திலிருந்து ஒரு தொகையை அதே கணக்கில் போடுகிறது. அந்த இரண்டாவது தொகைக்குத்தான் இந்தப் பெயர். எளிதாகத் தெரிந்தாலும், மாதாமாதம் கணக்கில் மொத்தம் எவ்வளவு சேர வேண்டும் என்று கேட்டால் பலர் தவறான எண்ணைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் ‘மேட்ச்’ என்றால் ‘சமம்’ என்று எடுத்துக்கொள்வது.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், பழைய ஆங்கிலத்தில் துணை, ஜோடி, ஒத்தவர் என்று பொருள்பட்ட ஒரு சொல். ஆக, முதலில் அது குறித்தது ஒன்றோடு சேர்ந்து நிற்கும் இன்னொன்றை. நாமும் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் பேச்சில் புழங்குகிறோம். சேலைக்கு மேட்சிங்காக ரவிக்கை எடுப்பது என்கிறோமே, அதில் நல்ல விளக்கம் இருக்கிறது. சேலைதான் முதலில் வருகிறது. ரவிக்கை அதைப் பார்த்து வருகிறது. சேலை எடுக்கவில்லை என்றால் மேட்சிங் என்ற பேச்சே இல்லை. நிறுவனத்தின் தொகையும் இப்படித்தான். ஊழியர் போட்டால்தான் அது வரும். போடாத மாதத்தில் அதற்கும் வேலையில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பொருந்தும் பங்களிப்பு’ என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன். இது அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டியது. ‘உங்களுக்குப் பொருந்தும் பங்களிப்பு’ என்றால் உங்களுக்கு உரிய விகிதம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ‘சமபங்களிப்பு’ இன்னும் மோசம், ஏனெனில் பல திட்டங்களில் நிறுவனம் சமமாகத் தருவதே இல்லை. ‘நிகர்’ அழகான சொல்தான், ஆனால் கணக்கு வழக்கில் ‘நிகர லாபம்’, ‘நிகரச் சம்பளம்’ என்று கழித்தது போக மிஞ்சியதற்கு அது போய்விட்டது. ‘நிறுவனத்தின் பங்கு’ என்று சுருக்கினால் பங்குச்சந்தையில் விற்கும் பங்கு என்று குழப்பம் வரும்.

எனக்குச் சரியாகப் படுவது ‘இணைப் பங்களிப்பு’. ‘இணை’ என்பதற்குத் தமிழில் ஜோடி என்றும் பொருள், ஒப்பு என்றும் பொருள். ‘ஈடு இணையற்ற’ என்கிறோம். ‘இணை பிரியாத’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரில் இருந்த இரண்டு பொருளும் ஒரே தமிழ்ச் சொல்லில் கிடைக்கின்றன. இணைப் பேராசிரியர், இணைச் செயலாளர் என்று பதவிப் பெயர்களில் வரும் ‘இணை’ நினைவுக்கு வரலாம். அது பெரிய இடையூறு இல்லை, அங்கும் ஒருவரோடு சேர்ந்து நிற்பவர் என்றுதான் பொருள்.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘பிடித்தம்’. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று காட்டுவது ஊழியர் போடும் தொகையை மட்டும்தான். நிறுவனம் போடுவது சம்பளத்திலிருந்து பிடிக்கப்படாததால் அந்தப் பத்தியில் வராது. ‘மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள்’ என்று கேட்டே பழகியதால் மறுபாதியைக் கேட்க மறந்துவிடுகிறோம். கணக்கில் மொத்தமாகச் சேருவதற்குத் தனிப்பெயர் வேண்டும். ‘மாத வரவு’ என்று வைத்துக்கொள்கிறேன். பிடித்தமும் இணைப் பங்களிப்பும் சேர்ந்தது மாத வரவு.

இப்போது கணக்குக்கு வரலாம். ஒரு திட்டத்தின் விதி இப்படி இருக்கிறது: ‘சம்பளத்தில் 6 சதவீதம் வரை ஊழியர் போடும் தொகைக்கு 50 சதவீதம் இணைப் பங்களிப்பு’. இதில் இரண்டு எண்கள் உள்ளன. 50 என்பது விகிதம். ஊழியர் போடும் ஒவ்வொரு 100-க்கும் நிறுவனம் எவ்வளவு போடும் என்பதை அது சொல்கிறது. 6 என்பது வரம்பு. ஊழியரின் தொகையில் எதுவரைக்கும் இணை உண்டு என்பது அது. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் 6 மட்டும் பட்டு, ‘நிறுவனம் 6 சதவீதம் தருகிறது’ என்று முடிவு செய்துவிடுகிறார். உண்மையில் நிறுவனம் அதிகபட்சமாகத் தருவது 6-இல் பாதி, அதாவது சம்பளத்தில் 3 சதவீதம்.

மாதச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். ஊழியர் 4 சதவீதம் போட்டால் பிடித்தம் 2,400. அதில் பாதி, 1,200 இணைப் பங்களிப்பு. மாத வரவு 3,600. 6 சதவீதம் போட்டால் பிடித்தம் 3,600, இணை 1,800, வரவு 5,400. அவரே 10 சதவீதம் போட்டால் பிடித்தம் 6,000 ஆகும். ஆனால் இணை அதே 1,800-இல் நின்றுவிடும், ஏனெனில் 3,600-க்கு மேல் போட்டதற்கு இணை கிடையாது. வரவு 7,800. கூடுதலாகப் போட்டது வீணில்லை, அது அவருடைய சேமிப்பு. ஆனால் 4-இல் நிற்பவர் 6-க்குப் போகாமல் விடும்போது, மாதம் 600 நிறுவனத்தின் கையிலேயே தங்கிவிடுகிறது.

சில திட்டங்களில் விகிதம் படிப்படியாக மாறும். முதல் 3 சதவீதத்துக்கு முழு இணை, அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதி இணை என்பது அமெரிக்காவில் பரவலாக உள்ள ஒரு வடிவம். அதே 60,000 சம்பளத்தில் 5 சதவீதம் போடுபவரின் பிடித்தம் 3,000. நிறுவனம் முதல் படிக்கு 1,800, இரண்டாம் படிக்கு 600, ஆக 2,400 போடும். வரவு 5,400. இங்கே 5 சதவீதம் போட்டவருக்கும், முதல் விதியில் 6 சதவீதம் போட்டவருக்கும் ஒரே வரவு வருவதைப் பாருங்கள். எனவே ‘எத்தனை சதவீதம் மேட்ச்’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்லவே முடியாது. விகிதம், வரம்பு இரண்டையும் கேட்க வேண்டும். எந்தச் சம்பளத்துக்கு என்றும் கேட்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் என்றால் பயணப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவற்றைக் கழித்துவிட்டே கணக்குப் போட வேண்டும்.

எல்லா நாட்டிலும் நிறுவனம் தருவதை இணை என்று சொல்லிவிட முடியாது. இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியத்தில் சட்டப்படி ஊழியர் குறைந்தது 8 சதவீதமும் தொழில்தருநர் குறைந்தது 12 சதவீதமும் செலுத்த வேண்டும். இது கட்டாயம். ஊழியர் கூட்டினால் கூடுவது, குறைத்தால் குறைவது என்ற பேச்சு அங்கே இல்லை. மொத்தம் 20 சதவீதமும் அவர் கணக்கில் சேர்கிறது. இதை ‘நிறுவனப் பங்களிப்பு’ என்றால் போதும்.

இந்தியாவின் வருங்கால வைப்பு நிதியில் நிலைமை வேறு மாதிரி. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியரும் நிறுவனமும் சமமாகத் தர வேண்டும் என்று இருந்தது. பெரும்பாலானோருக்கு அது 12 சதவீதம். இரண்டும் சேர்ந்து 24 என்று நினைத்துப் பாஸ்புக்கைத் திறப்பவர் திகைத்துப் போவார். ஏனெனில் நிறுவனம் தரும் 12-இல் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 2014 செப்டம்பரில் அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த வரம்பை வைத்து 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்தால், ஊழியர் பிடித்தம் 1,800. நிறுவனம் தருவதும் 1,800. ஆனால் அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போய், 550 மட்டுமே வைப்பு நிதிக்கு வருகிறது. வைப்பு நிதியில் மாத வரவு 2,350, நினைத்தது 3,600. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பணம் இரண்டு வாசலில் நுழைகிறது, அவ்வளவுதான். ஆனால் ஓய்வூதிய வாசலில் போனது, எடுத்துக்கொள்ளும் இருப்பாக உங்கள் பெயரில் வளர்வதில்லை. பொதுவாக அது பிற்காலத்தில் சேவைக்காலத்தையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியமாகத் திரும்புகிறது. இந்த வேறுபாட்டை வேலைக்குச் சேரும் அன்றே யாராவது விளக்கியிருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மீண்டும் இணைப் பங்களிப்புக்கு வருவோம். அதில் பணம் நழுவும் இடம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. மேலே சொன்ன பாதி இணை, 6 சதவீத வரம்பு விதியையே எடுத்துக்கொள்வோம். 60,000 சம்பளக்காரர் ஆண்டுக்கு 43,200 போட நினைக்கிறார். மாதம் 3,600 வீதம் 12 மாதம் போட்டால், மாதம் 1,800 வீதம் 21,600 இணை வரும். ஆனால் அவர் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மாதம் 7,200 வீதம் முதல் 6 மாதத்தில் போட்டு நிறுத்திவிடுகிறார். தன் பங்கு அதே 43,200. நிறுவனமோ மாதாமாதம் வரம்பைப் பார்க்கிறது. 7,200-இல் 3,600-க்குத்தான் இணை, அதாவது 1,800. அப்படி 6 மாதம், 10,800. அப்புறம் வரும் 6 மாதத்தில் பிடித்தமே இல்லை, இணையும் இல்லை. பாதி போய்விட்டது.

சில நிறுவனங்கள் ஆண்டு முடிவில் முழு ஆண்டுக் கணக்கையும் ஒன்றாகப் பார்த்து, விடுபட்ட இணையைப் போட்டுவிடும். இதற்குத் தமிழில் ‘ஆண்டிறுதிச் சரிக்கட்டல்’ என்ற சொல் நன்றாகப் பொருந்தும். உங்கள் திட்டத்தில் அது உண்டா என்பது விதிப் புத்தகத்தில் இருக்கும். இல்லை என்றால், 12 மாதமும் வரம்பளவாவது விடாமல் போடுவதே வழி.

கணக்குச் சீட்டில் பார்க்கும்போது ஊழியர் வரிசை, நிறுவன வரிசை என்று இரண்டு இருக்கும். நிறுவனத் தொகை சில இடங்களில் சம்பளத்தோடு வராமல் சில நாள் கழித்தோ காலாண்டு முடிவிலோ வரும். அதனால் ஒரு மாதம் காலியாக இருந்தால் உடனே பதற வேண்டாம். விதியில் சொன்ன நாள் தாண்டியும் காலியாக இருந்தாலோ, பிடித்தம் மாறாமல் இணை மட்டும் குறைந்தாலோ கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். வந்து சேர்ந்த இணைப் பங்களிப்பு எல்லாத் திட்டத்திலும் உடனே உங்களுடையதாகிவிடாது. இத்தனை ஆண்டு வேலை பார்த்தால்தான் முழு உரிமை என்று சில திட்டங்கள் வைத்திருக்கும்; அதை ஆங்கிலத்தில் ‘வெஸ்டிங்’ என்கிறார்கள். ‘உரித்தாதல்’ என்பது அதற்கு நேரான தமிழ். 3 ஆண்டு கழித்து உரித்தாகும் திட்டத்தில் 2 ஆண்டில் விலகினால், உங்கள் பிடித்தமும் அதன் வளர்ச்சியும் முழுவதும் உங்களோடு வரும். இணைப் பங்களிப்பு உங்கள் கைக்கு வராது. அதனால் இருப்பைப் பார்க்கும்போது மொத்தத்துக்குப் பக்கத்தில் ‘உரித்தான தொகை’ என்று தனியாக ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். வேலையை விடும் நாளில் கையோடு வருவது அந்த எண்தான்.