கூகுள் திருத்திக்கொள்ளும் என்று யார் சொன்னது?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். "தம்பி, கூகுள்ல நம்ம கடை வரவே மாட்டேங்குது, நீங்க என்னதான் வேலை பார்க்கறீங்க?" என்று போனிலேயே பிடித்துக்கொண்டார். முறுக்கு, தட்டை, அதிரசம் போட்டு விற்பவர். சரக்கில் ஒரு குறையும் இல்லை, குறை பெயர்ப்பலகையில். உண்மைப் பெயரைச் சொல்ல முடியாது. அதே அச்சில் ஒன்றை நானே செய்து தருகிறேன்: Suvvai Snackzz.

எல்லாம் எண் கணிதம். Suvai Snacks என்று ஒழுங்காக எழுதினால் கூட்டுத்தொகை 34, அதாவது 7. உரிமையாளருக்கு 6 வேண்டும். ஒரு v சேர்த்து, கடைசி s-ஐ எடுத்துவிட்டு இரண்டு z போட்டால் 51, அதாவது 6. v-க்கு 6, z-க்கு 7 என்று வைத்து நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. அந்தக் கணக்கில் காது மட்டும் இல்லை.

உள்ளூர் எஃப்.எம்.மில் பத்து நாள் விளம்பரம் கொடுத்திருக்கிறார். கேட்டவர் காதில் விழுவது 'சுவை ஸ்நாக்ஸ்'. நம் வாயில் z-க்கும் s-க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கேட்டவர் suvai snacks என்று அடிப்பார், இல்லையென்றால் மைக்கை அழுத்திச் சொல்வார். முறுக்குக்காரர் நேரில் வந்தபோது அவர் எதிரிலேயே என் போனில் மூன்று முறை சொல்லிக் காட்டினேன். மூன்று முறையும் திரையில் suvai snacks என்றுதான் விழுந்தது, முதலில் வந்தது வேறு ஊர்க் கடை. விளம்பரக் காசு இவருடையது, வாடிக்கையாளர் அவருக்கு!

பலகையைப் பார்த்துப் படிப்பவர்களிடம் கதை தலைகீழ். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து பெரும்பாலும் சும்மா நிற்கும். நமக்கு அப்படியா? பலி வேறு, பல்லி வேறு. அதனால் vv-யைப் பார்த்த தமிழர் 'சுவ்வை' என்றுதான் வாசிக்கிறார். ஒரே கடைக்குக் காதுக்கு ஒரு பெயர், கண்ணுக்கு ஒரு பெயர்.

இதையெல்லாம் சொன்னால் எல்லாரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: "கூகுள் தானா திருத்திக்கும் சார்." திருத்தும், ஆனால் எந்தப் பக்கம் என்று யோசித்தீர்களா? பிழைதிருத்தம் பழகுவது பெரும்பாலானவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்து. உங்கள் எழுத்துக்கூட்டலை ஊரில் யாரும் அடிக்காத வரை, அதன் கண்ணுக்கு உங்கள் பெயர்தான் பிழை. உங்கள் மருமகன் Suvvai Snackzz என்று சரியாக அடித்தால்கூட, "suvai snacks-க்கான முடிவுகள்" என்று அவரையும் அடுத்த கடைக்குத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. திருத்தம் உங்களுக்காக அல்ல, உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் உங்கள் எழுத்திலேயே தேடத் தொடங்கிய பிறகுதான் அது மனம் மாறும்.

"Flickr மட்டும் ஜெயிக்கலையா?" ஜெயித்தது. 2004-ல் வந்த அந்தத் தளத்தில் படம் பார்க்க வந்தவர்கள் முகவரியைக் கண்ணால் பார்த்து, இணைப்பை அழுத்தி வந்தவர்கள். முறுக்கு வாங்க யாரும் அப்படி வருவதில்லை. காசு கொட்டிக் கிடக்கும் இடத்திலும் இது கைகொடுக்காமல் போயிருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்று 2021-ல் abrdn என்று உயிரெழுத்துகளை உதறிவிட்டு, 'அபர்டீன்' என்றே வாசியுங்கள் என்றது. ஊரே கிண்டலடித்தது. 2025-ல் மறுபடி aberdeen ஆகிவிட்டது.

குறியீடுகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. &, @, $ எதுவும் .com முகவரியில் ஏறாது. தேடலும் பெரும்பாலும் அவற்றைக் கண்டுகொள்ளாது. போனில் மின்னஞ்சல் சொல்லும்போது "and-னு எழுதணுமா, & குறி போடணுமா?" என்று கேட்கவைப்பதுதான் மிச்சம்.

பெயர் வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடையைத் தெரியாத பத்துப் பேருக்குப் போன் போட்டு, பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகச் சொல்லித் தராதீர்கள், அது ஏமாற்று. பாதிப் பேர் தவறினால் அந்தப் பெயர் வேண்டாம்.

ஏற்கெனவே பலகை மாட்டியாகிவிட்டதா? சாதா எழுத்துக்கூட்டலில் உள்ள முகவரி காலியாக இருந்தால் இன்றே வாங்கி, உங்கள் தளத்துக்கே திருப்பிவிடுங்கள். Search Console என்ற கூகுள் கருவியில் மக்கள் என்ன அடித்து வந்தார்கள் என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பலகையில் தமிழிலும் பெரிதாக எழுதுங்கள், தளத்தின் முகப்பிலும் அதே தமிழ்ப் பெயர் இருக்கட்டும். ஆனால் கூகுள் பிசினஸ் பக்கத்தில் பலகையில் இல்லாத பெயர்களை வரிசையாகத் திணிக்காதீர்கள், பக்கத்தையே முடக்கிவிடுவார்கள்.

அதிர்ஷ்ட எண் வேண்டுமென்றால் அந்த எழுத்துக்கூட்டலைக் கல்லாப்பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பலகையில் பெயர் சாதாவாக இருக்கட்டும், தயவுசெய்து. இதை நம் முறுக்குக்காரரிடமும் சொன்னேன். தமிழ்ப் பலகைக்கு ஒருவழியாக ஒத்துக்கொண்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, தமிழ்ல எழுதினா கூட்டுத்தொகை எவ்வளவு வரும்?"