நன்றி சொல்லப் போய் காட்டிக் கொடுத்தோம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கிளினிக்குக்கு கூகுள் மேப்பில் ஒரு பாராட்டு வந்தது. ஐந்து நட்சத்திரம். "டாக்டரம்மா அவசரப்படுத்தாமல் பேசுகிறார்கள். உட்கார்ந்து எழுந்தாலே மனசு லேசாகிறது." எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்தும் ஒரு ரோஜாப் படமும்தான் இருந்தன.

எங்கள் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு அது யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அப்போதே பதில் போட்டாள்: "ரொம்ப நன்றி லாத்தா! மச்சான் துபாயிலிருந்து வந்ததும் ரெண்டு பேருமா டெஸ்டுக்கு வாங்க. இன்ஷா அல்லாஹ், நல்லதே நடக்கும்."

அன்பான பதில்தான். நானும் படித்துவிட்டுச் சிரித்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் டோக்கன் போடாமல் நேரே உள்ளே வந்தார். "நான் பேரே போடல டாக்டர். நீங்க போட்டுட்டீங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

(இதை எழுதுவதற்கு அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊர் கீழக்கரையாகவும் இருக்கலாம், தொண்டியாகவும் இருக்கலாம், பெரியபட்டினமாகவும் இருக்கலாம்.)

பெயரே சொல்லாத பதிலில் ஆள் எப்படித் தெரிந்தார்? "லாத்தா" என்றதும் எழுதியது பெண், எங்களுக்குப் பழக்கமானவர் என்று தெரிகிறது. "மச்சான் துபாயிலிருந்து" என்றதும் திருமணமானவர், கணவர் வெளிநாட்டில் என்று தெரிகிறது. "ரெண்டு பேருமா டெஸ்டுக்கு" என்பது, பெண்கள் கிளினிக் என்று போர்டு மாட்டிய இடத்திலிருந்து வரும்போது எதற்கான டெஸ்ட் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கூகுளில் ஒருவர் பெயரைத் தொட்டால் அவர் மற்ற கடைகளுக்கு எழுதியவையும் பெரும்பாலும் வரிசையாக வந்துவிடும். ரோஜாப் படக்காரர் எங்கள் தெருவில் ஒரு தையற்கடைக்கும், ஒரு நர்சரிப் பள்ளிக்கும் எழுதியிருந்தார். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ராத்திரி அறையில் படுத்துக்கொண்டு ஊர் மேப்பைத் தடவிப் பார்க்கிறவர்கள் அவர்கள். கணவரின் மாமா மகன் ஒருவர் அதைப் பார்த்து, படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். மாமியாருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

உடனே பதிலை நீக்கினோம். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அவர் முதல் நாளே பதற்றத்தில் தன் வரிகளை அழித்து, நட்சத்திரத்தை மட்டும் விட்டிருந்தார். எங்கள் பதில் மட்டும் இரண்டு நாள் அப்படியே நின்றிருக்கிறது. எழுதியவர் தன் வார்த்தையைத் திருத்தலாம், பெயரை மாற்றலாம். நாம் எழுதியதை நாம்தான் எடுக்க வேண்டும். ஆகையால் இப்போது பதிலில் பெயரும் இல்லை, அக்கா, தம்பி, லாத்தா எதுவும் இல்லை. முறை வைத்துக் கூப்பிடாமல் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு மாதிரி இருக்கும். எழுத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"அவரே வெளியில் சொன்ன பிறகு நமக்கென்ன?" என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் 7.14 என்று ஒன்று இருக்கிறது. தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கிறது. விலக்கு மூன்றுதான்: நீதிமன்றத்தில் நீதிபதியின் உத்தரவு, ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள். நோயாளி முதலில் வாய் திறந்தார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானாகவே வெளியிட்ட தன் தகவலுக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அவர் வெளியிட்டது "மனசு லேசாகிறது" என்பது மட்டும். துபாயும் டெஸ்டும் நாங்கள் சேர்த்தவை. அதோடு, பாராட்டு எழுதுவது பல சமயம் நோயாளியே இல்லை. மகன் எழுதுவார், கணவர் எழுதுவார். "என் அம்மாவைக் காப்பாற்றினீர்கள்" என்று மகன் எழுதினால், அது அம்மா வெளியிட்ட தகவல் ஆகாது.

சரி, நோயைப் பற்றிச் சொல்லாமல் "வந்ததற்கு நன்றி" என்று மட்டும் போட்டால்? அதுவும் கூடாது. பாராட்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அது வெறும் சொல். கிளினிக் "வந்ததற்கு" என்று சொல்லும்போது, வந்தார் என்பதை நாமே உறுதிப்படுத்திவிடுகிறோம். "எங்களை நம்பியதற்கு நன்றி", "விரைவில் குணமடைய வாழ்த்துகள்", "மீண்டும் வருக" எல்லாம் ஒரே ரகம்தான். மீண்டும் வருக என்று ஆஸ்பத்திரியில் எழுதுகிறவரை என்ன சொல்ல? எங்கள் ஊரில் நோயாளிகள் "வர்றேன் டாக்டர்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு "கிளம்புறேன்" என்று திருத்துவார்கள்.

இதே கதவின் மறுபக்கமும் இருக்கிறது. முன்பு திட்டி எழுதுகிறவர்களில் தெரியாத பெயர் வந்தால் "இந்தப் பெயரில் எங்கள் பதிவேட்டில் யாரும் இல்லை" என்று போட்டுக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால், சிலருக்கு "இல்லை" என்று சொன்னாலே அப்படிச் சொல்லாத மற்றவர்களுக்கு "ஆமாம்" என்று சொன்னதாகிறது. அதையும் நிறுத்தினோம்.

இப்போது நாங்கள் போடும் பதில் இது:

"உங்கள் நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறோம். யார் வந்தார், எதற்காக வந்தார் என்று பொது இடத்தில் நாங்கள் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிளினிக் எண்ணுக்கு அழையுங்கள்."

நன்றி வார்த்தைக்கு, வருகைக்கு அல்ல. மூன்றாவது வாக்கியம் எல்லோருக்கும் பொதுவான வழக்கத்தைச் சொல்கிறது, இவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரம் மாதிரி இருக்கிறது என்று நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறோம். பாராட்டு என்ன சொல்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, வரிசையாகப் போடுகிறோம்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பாராட்டைக் கையால் மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் படிக்க வேண்டும். வாசலில் நிழலுக்கு ஒதுங்கிய ராமேஸ்வரம் யாத்திரைக்காரர் ஒருவர், "இடம் சுத்தமாக இருக்கிறது" என்று எழுதினாலும் அந்தப் பதில் அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு சொல் கசிகிறது என்று அர்த்தம். கணக்கின் கடவுச்சொல்லும் இப்போது இரண்டு பேரிடம்தான். ஒருவர் எழுதினால் மற்றவர் படித்த பிறகே போகும்.

நேரில் நன்றி சொல்லலாமா? போனில் அழைத்துச் சொல்வதை நாங்கள் தவிர்க்கிறோம். பதிவேட்டில் இருக்கும் எண்ணைப் பல வீடுகளில் வேறு யாரோ எடுக்கிறார்கள். அவராக அடுத்த முறை வந்து, அறைக்கதவு சாத்திய பிறகு அவரே பேச்செடுத்தால் சொல்கிறோம்.

போன மாதம் ஒரு பாராட்டு வந்தது. "கடல் காத்து நல்லா வருது. டாக்டரும் நல்லவங்க." இரண்டு எழுத்து, இந்த முறை மல்லிகைப் படம். வரவேற்பில் இருக்கும் அதே பெண், வரிசையில் இருந்த மூன்றாவது பதிலை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தாள்.

"யாருன்னு தெரியுதா டாக்டர்?"

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பதிலைப் போட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போனாள்.